ஒரு பொம்மை, இரண்டு காலங்கள்: பின்புறத்தில் 1966 என்று பொறித்த பார்பி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தோ பாயோவில் மூவறை வீவக வீடு ஒன்றிலிருந்து என்னிடம் வந்த அந்தப் பொம்மை, பிஸ்கட் டின் ஒன்றில், மூன்று சின்னஞ்சிறு உடுப்புகளோடு மடித்த துணியின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. கொண்டுவந்தவர் அறுபதைக் கடந்த ஓர் அக்கா. அவருடைய தாயார் சாங்கி விமானத் தளத்தில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதுமாக வேலை செய்தவர். பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியபோது, ஊருக்குக் கப்பலேறிய அந்தக் குடும்பம் தன் மகளின் பொம்மையைத் தாயாரிடம் கொடுத்துச் சென்றது என்பதும், அது பத்து வயதாயிருந்த அக்காவின் கைக்கு வந்தது என்பதும் குடும்பம் சொல்லும் வரலாறு.

அக்காவின் பேத்தி பொம்மையைத் திருப்பிப் பார்த்து, இடுப்புக்குக் கீழே 1966 என்ற எண்ணைக் கண்டு, "1966 அசல் பார்பி" என்று இணையத்தில் விற்பனைக்குப் போடத் தயாராகிவிட்டாள். படத்தைப் பார்த்த அவளுடைய தோழி ஒருத்தி, பொம்மை சாரோங் கெபாயா அணிந்திருப்பதால் அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண் உடையில் வெளிவந்த பார்பிதான் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். ஆக, ஒரே பொம்மையைப் பற்றி மூன்று கூற்றுகள் என் மேசைக்கு வந்தன: 1966இல் செய்த பார்பி, விமான நிறுவனத்தின் பார்பி, 1971இல் கிடைத்த அன்பளிப்பு. இவற்றில் எது உண்மை என்று தெரிந்தால் போதும் என்று அக்கா சொன்னார். விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இத்தகைய பொம்மையைக் கையில் எடுத்தவுடன் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆசை எவருக்கும் வரும். நான் அதைத் தள்ளிவைத்துவிட்டு உடலிலிருந்து தொடங்குவது வழக்கம், ஏனெனில் இந்த வகைப் பொம்மைகளில் நீண்ட வாசகம் உடலில்தான் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து ஒளியைத் தோலின் மேற்பரப்பை உரசிச் செல்லும்படி விட்டால், நேர் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். அப்போதும் தெரியாத எழுத்துகளுக்கு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் சிறிது முகப்பவுடரைத் தடவித் துடைத்தால், பள்ளங்களில் வெள்ளை தங்கி வாசகம் படிக்கக் கிடைக்கும். நகச்சாய நீக்கியைத் தொடவே கூடாது. அது அழுக்கோடு வினைலின் மேல்தோலையும் கரைத்து, படிக்க வேண்டிய எழுத்தையே மழுங்கடித்துவிடும்.

வலது பின்புறத்தில் ஆங்கில எழுத்தில் இருந்த வாசகத்தின் வரிசை இது: பதிப்புரிமைக் குறி, 1966, மேட்டல் இன்க்., அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, அமெரிக்கக் காப்புரிமை நிலுவையில், ஜப்பானில் செய்தது. பேத்தி படித்தது இதில் ஓர் எண்ணை மட்டும். அந்த எண் தனியாக நின்றால் எதையும் நிறுவாது. 1966 என்பது இடுப்பைத் திருப்பக்கூடிய புதிய உடலமைப்புக்கு, பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் பதிப்புரிமை கோரிய ஆண்டு. அந்த உடல், ட்விஸ்ட் அண்ட் டர்ன் பார்பி என்ற பெயரில் கடைக்கு வந்தது 1967இல். ஆகவே இந்த வாசகத்தைத் தாங்கிய பொம்மை எதுவும் 1966இல் ஒரு குழந்தையின் கையில் இருந்திருக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அதே 1966 என்ற எண் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பார்பிகளின் பின்புறத்தில் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. 1990களில் சீனாவிலும் மலேசியாவிலும் செய்த பொம்மைகளிலும் அதைக் காணலாம். இணையத்தில் "1966 பார்பி" என்று விற்பனைக்கு வரும் பொம்மைகளில் மிகப் பல இந்த ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததன் விளைவு.

எண் பேசாத இடத்தில் நாடும் உடற்கூறும் பேசும். ஜப்பானில் பார்பி செய்யப்பட்டது 1959இல் அது அறிமுகமான காலத்திலிருந்து 1970களின் தொடக்கம் வரை. அதன் பிறகு தைவான், ஹாங்காங், கொரியா, பிலிப்பீன்ஸ், மலேசியா, சீனா, இந்தோனீசியா என்று பெயர்கள் மாறின. தைவான் ஆலை 1987இல் மூடப்பட்டது, ஆகவே தைவான் என்று இருந்தால் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சிங்கப்பூரில் பலர் "மலேசியா" என்ற சொல்லைக் கண்டதும் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேட்டலின் ஆலை 1980களிலிருந்தே பினாங்கில் இயங்கியது. மேட்டல் பெயரோடு மலேசியா என்று இருந்தால் அது அசல்தான். போலியை வேறு விதமாகக் கண்டுகொள்ளலாம்: அதில் நிறுவனத்தின் பெயர் இருக்காது, பெரும்பாலும் "ஹாங்காங்கில் செய்தது" என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும், கால்கள் உள்ளீடற்று, அமுக்கினால் குழிவிழும் அளவுக்கு இலேசாக இருக்கும்.

வாசகத்தின் நீளமும் ஒரு சாட்சி. பிந்தைய உடல்களில் வெளிநாட்டுக் காப்புரிமை பற்றிய சொற்களும், "கனடாவில் காப்புரிமை 1967" என்ற வரியும் சேர்ந்துகொள்ளும். அந்த வரி இல்லாமல், நிலுவையில் என்ற சொல்லோடும் ஜப்பானோடும் முடியும் இந்தக் குறுகிய வாசகம் முந்தைய காலத்துக்கு உரியது. கால்களை மடக்கினேன். முழங்கால் மூன்று நிலைகளில் "கிளிக்" என்று நின்றது. இடுப்பு சற்றே சாய்வாகத் திரும்பியது. கைகள் நீட்டி விட்ட மென் வினைல், முழங்கையில் நிரந்தர மடிப்பு இல்லை. இவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. உடலைப் பொறுத்தவரை, 1967க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையில் ஜப்பானில் செய்தது என்று தயக்கமின்றி எழுதலாம். 1971இல் சாங்கியில் ஒரு சிறுமியிடம் இருந்திருக்கக்கூடிய பொம்மைதான் அது. அக்காவின் தாயார் சொன்ன வரலாறு இதுவரை அசையாமல் நின்றது.

அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

அகன்ற புன்னகை, திறந்த உதடுகளுக்கிடையே வெள்ளையாகத் தீட்டிய பற்கள், தாடையின் நடுவில் மெல்லிய குழிவு, பெரிய நீலக் கண்கள், இமையில் தூரிகையால் இழுத்த கோடுகள். இந்த முகத்தைப் பார்பி சேகரிப்போர் எவரும் கணத்தில் அடையாளம் காண்பர். இது 1977இல் வந்த சூப்பர்ஸ்டார் பார்பியின் முகம். ட்விஸ்ட் அண்ட் டர்ன் பார்பியின் முகமோ மூடிய உதடுகளை உடையது. அதன் இமைகளில் கோடு மட்டும் இராது, முடியே நட்டிருக்கும். தலை உடலுக்கு உரியதாயிருந்தால் இமையோரத்தில் நடப்பட்ட முடியோ, முடி உதிர்ந்த துளைகளோ இருக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் தேடியும் இமையோரம் வழுவழுப்பாகவே இருந்தது.

முகத்தின் தோற்றத்தை மட்டும் நம்பி முடிவு சொல்வது போதாது. முகத்தை வார்த்த அச்சின் ஆண்டு தலையின் பின்புற விளிம்பின் உட்பக்கத்தில், கழுத்துத் துளையைச் சுற்றி, மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கத் தலையைக் கழற்ற வேண்டும், கழற்றும்போதுதான் பெரும்பாலான விபத்துகள் நேர்கின்றன. பழைய வினைல் விறைத்திருக்கும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் தலையின் துளை கிழியும், அல்லது உடலோடு சேர்ந்த கழுத்துக் குமிழ் முறியும். சூடான நீரில் தலையை அமிழ்த்தும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரின் ஈரப்பதத்தில் நான் அதைச் செய்வதில்லை, ஏனெனில் தலைக்குள் புகுந்த நீர் நாட்கணக்கில் உலராமல் கூந்தலின் வேர்களில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தொலைவிலிருந்து கழுத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் காட்டி, வினைல் இளகியது விரலுக்குத் தெரிந்த பிறகு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து விளிம்பை மெல்ல மேலேற்றினால் வந்துவிடும். அக்காவிடம் ஒப்புதல் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

விளிம்பில் இருந்த வாசகம்: மேட்டல் இன்க்., 1976. சூப்பர்ஸ்டார் முக அச்சின் பதிப்புரிமை ஆண்டு அதுதான்.

இந்த எண்ணும் பொம்மை செய்த ஆண்டைச் சொல்வதில்லை. சூப்பர்ஸ்டார் அச்சு 1977 தொடங்கி 1990களிலும் பயன்பட்டது. ஆகவே 1976 என்பது ஒரு கீழ் எல்லை: இந்தத் தலை அதற்கு முன் இருந்திருக்க முடியாது, அதற்குப் பின் எந்த ஆண்டிலும் இருந்திருக்கலாம். ஓர் அச்சு எத்தனை காலம், எத்தனை பெயர்களில் வாழும் என்பதற்கு வேறு இரண்டு அச்சுகளைச் சொல்லலாம். 1971 என்று பொறித்த ஸ்டெஃபி அச்சு, ஸ்டெஃபி என்ற தோழிப் பொம்மைக்காக உருவாகி, அந்தப் பொம்மை கடையிலிருந்து மறைந்த பின், பார்பி என்ற பெயரிலேயே வந்த முதல் கறுப்பினப் பொம்மைக்கு 1980இல் முகமாயிற்று. கிழக்காசியச் சாயலுக்காக 1980இல் உருவான அச்சு, 1981இல் ஓரியண்டல் பார்பி, 1986இல் மீக்கோ, 1990இல் கிரா என்று மூன்று பெயர்களைத் தாங்கியது. அச்சைக் கண்டுபிடித்துவிட்டால் பாத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பது தவறு என்பதற்கு இவை போதும். பெயரைத் தீர்மானிப்பவை அச்சின்மேல் தீட்டிய கண்ணின் நிறம், உதட்டின் நிறம், கூந்தலின் நிறமும் நட்ட விதமும், தோலின் நிறம் ஆகியவைதாம். உடலில் பெயரே பொறித்திருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்: 1960களின் நேர்க்கால் உடல்களில் "மிட்ஜ் 1962, பார்பி 1958" என்று இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கும், அந்த உடலை இருவருமே அணிந்தார்கள்.

ஆகக் கையில் இருந்தது, 1970களின் தொடக்கத்துக்குள் செய்த உடலும் 1976க்கு முன் இருந்திருக்கவே முடியாத தலையும் சேர்ந்த ஒன்று. இத்தகைய சேர்க்கையைச் சந்தேகிக்கும்போது பலர் தலையின் நிறத்தை உடலின் நிறத்தோடு ஒப்பிட்டு முடிவு கட்டுகிறார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. இந்தப் பொம்மைகளின் மார்பும் இடுப்பும் கெட்டிப் பிளாஸ்டிக், கைகளும் தலையும் மென் வினைல். இரண்டும் வெவ்வேறு விதமாக வெளுக்கும், வெவ்வேறு விதமாகப் பழுக்கும். எல்லா உறுப்பும் அசலாகவே இருக்கும் பொம்மையிலும் மார்பு வெளிறிக் கால்கள் ஆரஞ்சாகத் தோன்றுவது சாதாரணம். எனவே தலையைக் கைகளோடுதான் ஒப்பிட வேண்டும், மார்போடு அல்ல. இந்தப் பொம்மையின் கைகள் இளஞ்சிவப்பு மங்கிய பழுப்பு. தலையோ மஞ்சள் கலந்த வெண்கல நிறம். அக்கா இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் தாமே வைத்துப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை.

"அப்போ அம்மா சொன்னது பொய்யா தம்பி?" என்றார் கடைசியில்.

"இல்லைக்கா. உடம்பு அம்மா சொன்ன காலத்துப் பொம்மைதான். தலை மட்டும்தான் பிறகு வந்தது" என்றேன். ஆனால் தலை எப்படி வந்தது என்பதற்கு அப்போது என்னிடம் விடை இல்லை.

தலையைக் கழற்றியபோது கழுத்துக் குமிழைச் சுற்றி ஏதோ இருந்ததைக் கண்டிருந்தேன், எழுத்தைப் படிக்கும் அவசரத்தில் அதை அப்படியே விட்டிருந்தேன். இப்போது அதைக் கவனித்தேன். சுண்டு விரல் நகத்தின் அகலத்தில் ஒரு துணிக் கீற்று, தலை ஆடாமல் இறுக்கமாக நிற்பதற்காகக் குமிழைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை நூலால் ஒரு தையல் போட்டு நிறுத்தியிருந்தது. கறுஞ்சிவப்புத் தரையில் பழுப்புக் கொடியின் ஒரு துண்டு அதில் தெரிந்தது. பொம்மை அணிந்திருந்த சாரோங்கின் பாத்திக் துணியும் அதே கறுஞ்சிவப்பு, அதே கொடி. இரண்டையும் கண்ணாடியின் கீழ் வைத்து நெசவின் நெருக்கத்தைப் பார்த்தேன். இழைகளின் தடிமனும், சாயம் துணியின் மறுபக்கத்துக்கு ஊடுருவிய அளவும் ஒன்றாகவே இருந்தன. ஒரே துணியிலிருந்து வெட்டியவை என்று கொள்ள இது போதும்.

அந்த உடுப்பையே இனி ஆராய வேண்டியிருந்தது, ஏனெனில் தோழியின் கூற்று அதன்மேல்தான் நின்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உடையில் பார்பி வெளிவந்தது 1991இல். அது ஆலையில் தைத்த ஆடை. நம்முன் இருந்த கெபாயாவில் லேபிள் இல்லை, ஆனால் லேபிள் இல்லாததை மட்டும் வைத்து எதையும் மறுக்கக் கூடாது. மேட்டலின் உடைத் தொகுப்புகளில் முக்கியமான ஒரு துண்டுக்கு லேபிள் தைத்துவிட்டு மற்றவற்றைச் சும்மா விடுவது உண்டு, குழந்தைகள் லேபிளைக் கத்தரித்துவிடுவதும் உண்டு. லேபிள் இருந்த இடத்தில் மடிப்புக்குள் நூல் முனைகளோ ஊசித் துளைகளோ எஞ்சியிருக்கும். இங்கே அவை இல்லை. இதைவிட உறுதியான சாட்சி இரண்டு. ஒன்று தையல்: ஓரம் முழுவதும் கையால் ஓட்டிய ஓட்டுத் தையல், ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சிறிது கூடியும் குறைந்தும் இருந்தது, கழுத்தருகே நூல் தீர்ந்து வேறு நிறத்தில் தொடர்ந்திருந்தது. இரண்டு பூவேலையின் அளவு: ஆலை பொம்மைக்கென்று அச்சிடும் துணியில் கொடியும் இலையும் பொம்மையின் உடலுக்கேற்பச் சுருங்கியிருக்கும். இங்கே ஒரே ஓர் இலை பொம்மையின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீண்டிருந்தது. ஆள் உடுத்தும் சாரோங்கின் மிச்சத் துணி இது. விமான நிறுவனத்தின் பொம்மை என்ற கூற்று இத்தோடு முடிந்தது.

டின்னில் இருந்த மற்ற இரண்டு உடுப்புகள் இரண்டு காலங்களைப் பிரித்துக் காட்டின. ஒன்று கையில்லாத சிறு கவுன். பின்கழுத்தின் உட்புறம் நெய்த லேபிள் ஒன்று, பார்பி என்ற பெயர், அதன் பக்கத்தில் பதிவு பெற்ற வணிகப் பெயருக்கான வட்டத்துக்குள் ஆர் எழுத்து, மேட்டல். மிகத் தொடக்க கால லேபிள்களில் அந்த இடத்தில் டி.எம். என்ற எழுத்துகள் இருக்கும், ஆகவே இது அவற்றுக்குப் பிந்தியது. கவுனைப் பூட்டுவது கடுகைவிடச் சற்றே பெரிய உலோகப் பிரஸ் பட்டன்கள், ஒவ்வொன்றும் நான்கு துளையிலும் நூல் கோத்துத் தைத்தவை. இன்னொன்று பளபளக்கும் இளஞ்சிவப்புப் பாவாடை, இடுப்பில் வெல்க்ரோ பட்டை. பார்பி உடைகளில் வெல்க்ரோ பரவலானது சூப்பர்ஸ்டார் காலத்திலும் அதற்குப் பின்னும்தான். கவுன் உடலோடும் பாவாடை தலையோடும் வந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றியது. ஆனால் உடுப்பு எந்தப் பொம்மைக்கும் மாறக்கூடியது என்பதால் இதை நான் துணைச் சாட்சியாக மட்டும் குறித்துக்கொண்டேன். லேபிள் சொல்வது உடுப்பின் பெயரைத்தான், அதை அணிந்திருக்கும் பொம்மையின் பெயரை அல்ல. பலர் சறுக்குவது இந்த இடத்தில்.

இங்கே அக்காவின் நினைவைக் கேட்கும் நேரம் வந்தது. இதைத் தொடக்கத்தில் கேட்காமல் பிற்பாடு கேட்பதற்குக் காரணம் உண்டு: பொருளைப் படித்து முடிக்குமுன் கதையைக் கேட்டால், கண் கதைக்கு ஒத்ததை மட்டும் தேடும். கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "இமையில் நிஜ முடி இருந்ததா?" என்று கேட்டிருந்தால் விடையை நானே ஊட்டியிருப்பேன். சிறுமியாக இருந்தபோது பொம்மையின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"அது சிரிக்காது தம்பி. வாய மூடிக்கிட்டு உம்முனு இருக்கும். முடி நம்ம முடி மாதிரி பழுப்பா இருக்கும். கண்ணு எமையில நிஜ முடி இருந்துச்சு, ஒரு பக்கம் நான்தான் பிச்சுப்புட்டேன், அதுக்கு அம்மாகிட்ட அடி வாங்கினேன்" என்றார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த தலையின் இமையைத் தொட்டுப் பார்த்தார். அத்தனை ஆண்டுகளாக அதைத் தாம் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது.

நட்ட இமை முடி, அந்த உடலோடு வந்த அசல் தலைக்கு உரியது. இனி அந்த அசல் தலை யாருடையது என்ற வினா. இந்த உடலைப் பார்பி மட்டும் அணியவில்லை. பார்பியின் ஆங்கிலேயத் தோழியாக 1968இல் அறிமுகமான ஸ்டேசியும், அவளுக்குப் பின் வந்த பி.ஜே.யும், கறுப்பினத் தோழி கிறிஸ்டியும் இதே அமைப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள். தோலின் நிறம் கிறிஸ்டியை விலக்குகிறது. ஆங்கிலேயக் குடும்பம் ஆங்கிலேயத் தோழியை வாங்கியிருக்கும் என்று எண்ணுவது இனிமையான ஊகம், ஆனால் ஸ்டேசியின் முகம் பல் தெரியச் சிரிக்கும் முகம். அக்கா சொன்ன மூடிய வாய் அதற்குப் பொருந்தாது. பி.ஜே.யின் கூந்தல் பொன்னிறம், அக்கா சொன்னது பழுப்பு. எஞ்சுவது பழுப்புக் கூந்தல் ட்விஸ்ட் அண்ட் டர்ன் பார்பி. இது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு குழந்தை நினைவின்மேல் நிற்கும் முடிவு என்பதால், குறிப்பில் "பெரும்பாலும் பார்பி" என்றே எழுதினேன். தலை கிடைத்தால் ஒழிய அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை எடுக்க முடியாது.

தலை மாறிய கதையை அக்காவின் தங்கை தொலைபேசியில் சொன்னார். அவர் பதின்மூன்று வயது இளையவர். 1982 தீபாவளிக்கு மாமா வாங்கிக் கொடுத்த பொம்மையின் கழுத்துக் குமிழ் முறிந்து தலை தனியாக வந்துவிட்டது. சூப்பர்ஸ்டார் காலப் பொம்மைகளில் குமிழ் முறிவது அடிக்கடி நேரும் பழுது, முறிந்த குமிழில் தலையை மறுபடி நிறுத்த வழியில்லை. அதே சமயம், அக்கா விட்டுச் சென்ற பழைய பொம்மையின் கூந்தலைத் தங்கை கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தாயார் ஒரு மாலைப்பொழுதில் நல்ல தலையை நல்ல உடலில் பொருத்திக் கொடுத்திருக்கிறார். பாத்திக் துணியைப் பற்றிக் கேட்டதும் இரு சகோதரிகளும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: அது தாயார் வீட்டில் உடுத்தி, நைந்து, பிறகு அடுப்படித் துணியாகப் போன சாரோங்.

இதில் துணிக் கீற்று நிறுவுவது எது, நிறுவாதது எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சாரோங் தைத்தவரும் தலையைப் பொருத்தியவரும் ஒரே துணியைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது நிறுவப்பட்டது. எந்த ஆண்டில் என்பதைத் துணி சொல்லாது. ஆண்டைத் தங்கையின் நினைவும், 1976 என்ற கீழ் எல்லையும், வெல்க்ரோ பாவாடையும் சேர்ந்து 1980களின் முற்பகுதி என்று காட்டுகின்றன. சூப்பர்ஸ்டார் அச்சில் அந்த ஆண்டுகளில் பல பொன்னிறக் கூந்தல் பார்பிகள் வந்தன. உதட்டுச் சாயம் பாதி தேய்ந்து, கூந்தல் பலமுறை வாரிச் சுருள் குலைந்துபோன இந்தத் தலை அவற்றில் எந்தப் பெயரில் விற்ற பொம்மையுடையது என்று குறிப்பில் நான் எழுதவில்லை. முறிந்த உடல் எங்காவது கிடந்திருந்தால், அதன் பின்புறத்தில் இருக்கும் நாட்டின் பெயர் ஆண்டுகளை இன்னும் நெருக்கியிருக்கும்.

குறிப்பை உறுப்பு உறுப்பாகவே எழுதிக் கொடுத்தேன். உடல்: மேட்டல், ட்விஸ்ட் அண்ட் டர்ன், ஜப்பான், 1967 முதல் 1970களின் தொடக்கம் வரை, அசல் தலை பெரும்பாலும் பழுப்புக் கூந்தல் பார்பி. தலை: மேட்டல், சூப்பர்ஸ்டார் முக அச்சு 1976, பார்பி, 1982 வாக்கில் வாங்கியது. கவுன்: மேட்டல், பார்பி லேபிள், பிரஸ் பட்டன். பாவாடை: வெல்க்ரோ, பிந்தைய காலம், லேபிள் இல்லை. கெபாயாவும் சாரோங்கும்: வீட்டில் கையால் தைத்தவை.

பேத்தி விற்பனை அறிவிப்பைப் போடவில்லை. சேகரிப்போர் உடலை ஒரு விலைக்கும் தலையை ஒரு விலைக்கும் பிரித்து வாங்குவார்கள் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன், அது உண்மை. தலையைத் திரும்ப மாட்டுமுன், துணிக் கீற்றை எடுத்துவிட்டு மெல்லிய சிலிக்கோன் வளையம் போடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். பழந்துணி ஈரத்தை உறிஞ்சி வினைலில் கறை விடக்கூடும், வளையம் அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

"அம்மா சுத்தினத எடுக்க வேணாம் தம்பி" என்றார் அக்கா. கழுத்தை மீண்டும் இரண்டு நிமிடம் சூடாக்கி, கீற்று நகராமல் சுண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தலையை அதன்மேல் இறக்கினேன். டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பை இரண்டு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படியும், கழுத்தோரம் சிவப்புச் சாயம் இறங்குகிறதா என்று அப்போதெல்லாம் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.